பத்து பர்சன்ட் ஹைக்கா? பிரிச்சுப் பாருங்க பாஸ்!

எங்க டிபார்ட்மென்ட் சீனியர் அக்கா ஒருத்தங்க சென்னையில சாஃப்ட்வேர் டெஸ்ட்டிங் வேலையில இருக்காங்க. மூணு வருஷ அனுபவம். போன மாசம் அவங்களை 'டீம் லீட்' ஆக்கி, சி.டி.சி.யை 6 லட்சத்துல இருந்து 6.6 லட்சமா ஏத்தி லெட்டர் கொடுத்தாங்க. பத்து பர்சன்ட்! நானா இருந்தா அன்னிக்கே ட்ரீட் வெச்சிருப்பேன்.

அக்கா லெட்டரோட ரெண்டாவது பக்கத்தைப் புரட்டினாங்க. பழைய சி.டி.சி.யில வேரியபிள் 30 ஆயிரம். புதுசுல 66 ஆயிரம். அது டார்கெட்டைத் தொட்டாத்தான் முழுசா வரும். நிச்சயமா வர்ற ஃபிக்சட் தொகை 5,70,000-ல இருந்து 5,94,000 ஆகியிருக்கு, அவ்வளவுதான். மாசத்துக்கு 2,000 ரூபாய். கம்பெனி கட்டுற பி.எஃப். பங்கும் அதுக்குள்ளேயே அடக்கம்!

உடனே பதில் லெட்டர் எழுத உட்கார்ந்தாங்க. முதல் டிராஃப்ட்ல வீட்டு வாடகை, தம்பி ஃபீஸ் எல்லாம் இருந்துச்சு. அடிச்சுட்டாங்க. வாடகை ஏறுனா அது அவங்க செலவு, கம்பெனி காசு கொடுக்கறது வேலைக்கு.

அடுத்து மார்க்கெட் ரேட். வெப்சைட்ல வர்ற 'ஆவரேஜ்' சம்பளத்தை நம்பல. பெங்களூரும் சென்னையும், வேரியபிளும் ஃபிக்சட்டும் அதுல கலந்து கிடக்கும். இதே ஊர், இதே அனுபவம், இதே வேலைன்னு ரெண்டு கன்சல்டன்சியில கேட்டாங்க. சமீபத்துல கம்பெனி மாறின மூணு ஃப்ரெண்ட்ஸ்கிட்டயும் விசாரிச்சாங்க. எல்லாத்தையும் ஃபிக்சட்டா மாத்திப் பார்த்தா 7 லட்சத்துல இருந்து 7.6 லட்சம் வரைக்கும் வந்துச்சு.

இங்கிலீஷ்ல போன லெட்டரோட சாரம் இது:

'டீம் லீட் பொறுப்பு தந்ததற்கு நன்றி. ஏற்க விரும்புகிறேன். ஏப்ரலிலிருந்து புதியவர்கள் நால்வரின் டெஸ்ட் ரிப்போர்ட்டுகளை நான் சரிபார்க்கிறேன். மாதம் இரண்டு ரிலீஸ் இரவுகளுக்குப் பொறுப்பேற்கிறேன். வாராந்திர கிளையன்ட் காலையும் நடத்துகிறேன். இவை என் பழைய பணி விவரத்தில் இல்லை. சென்னையில் இதே பணிக்கு ஃபிக்சட் தொகை 7 முதல் 7.6 லட்சம் வரை தரப்படுகிறது. எனவே 7,30,000 ரூபாய் ஃபிக்சட்டாகத் தரக் கோருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் பேச இயலுமா?'

கவனிச்சீங்களா? மார்க்கெட்டுக்கு ரேஞ்ச் சொன்னவங்க, தனக்குக் கேட்டது ஒரே நம்பர். 'ஏழுல இருந்து ஏழரை வரைக்கும்'னு கேட்டிருந்தா ஹெச்.ஆர். காதுல 'ஏழு' மட்டும்தான் விழும். அதே மாதிரி, 'வேற ஆஃபர் இருக்கு'ன்னும் அக்கா எழுதல, ஏன்னா கையில ஆஃபர் இல்ல. 'அந்த லெட்டரைக் காட்டுங்க'ன்னு கேட்டா மானம் போயிடும்ல!

ஹெச்.ஆர். முதல்ல 'பட்ஜெட் இல்லம்மா'ன்னாங்க. அக்கா நம்பரைக் குறைக்கல. 'அப்போ அந்த மூணு வேலைல எதை வேற ஆளுக்கு மாத்தலாம் மேடம்?'னு மட்டும் கேட்டாங்க. மறுபக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லையாம்.

நாலு நாள் கழிச்சு பதில் வந்துச்சு. ஃபிக்சட் 6,90,000, ஆறு மாசத்துல மறுபடி ரிவ்யூ. மாசத்துக்கு 2,000-னு இருந்தது 10,000 ஆயிடுச்சு. அந்த ரிவ்யூவை வாய்வார்த்தையா விடாம, திருத்தின லெட்டர்ல தேதியோட போடச் சொல்லிட்டுத்தான் கையெழுத்தே போட்டிருக்காங்க. ட்ரீட்? சனிக்கிழமை பிரியாணி!