தாமதமாகட்டும், காப்பி வேண்டாம்

பிரிட்டனின் பல பல்கலைக்கழகங்களில் அசைன்மென்ட் ஒரு நாள் தாமதமானால் 100-க்கு 5 மதிப்பெண் கழிப்பார்கள். 68 வாங்கக்கூடிய கட்டுரையை இரண்டு நாள் கழித்துக் கொடுத்தால் 58 கிடைக்கும். இளநிலைப் படிப்பில் தேர்ச்சிக்குப் பெரும்பாலும் 40 போதும்.

கெடு முடியும் நேரத்தில் பதறிப்போய், நண்பனின் கோப்பை வாங்கி வார்த்தைகளை மட்டும் மாற்றிக் கொடுப்பவருக்கோ பூஜ்யமே விழக்கூடும். வாதத்தின் வரிசையும், இருவரிடமும் இருக்கும் அதே எழுத்துப்பிழையும் காட்டிக்கொடுத்துவிடும். கோப்பைக் கொடுத்த நண்பனும் விசாரணைக்குப் போக வேண்டும். அவன் உதவி என்று நினைத்தது, கையேட்டின்படி கூட்டுக் குற்றம். சேர்ந்து பேசலாம், படிக்கலாம். தனி அசைன்மென்ட்டைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

உடம்பு முடியவில்லையா? கெடுவுக்கு முன்பே சான்றுடன் அவகாசம் கேளுங்கள்.