வாத்தியார், நீங்க ரெண்டு வார்த்தை சொல்லுங்க

தமிழ்நாட்டில் பல சமூகங்களில் சின்னப் பிள்ளை இறந்தால் எரிப்பதில்லை, புதைக்கிறார்கள். பெரியவர்களுக்குச் செய்யும் நீண்ட சடங்குகளும் பெரும்பாலும் கிடையாது. சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. கல்லறைத் தோட்டத்திலோ, மறுநாள் பள்ளியில் நடக்கும் இரங்கல் கூட்டத்திலோ யாராவது வகுப்பு ஆசிரியரைப் பார்த்து, "வாத்தியார், நீங்க ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்பார்கள்.

அப்போது வாயில் தானாக வரும் வாக்கியங்கள் சில உண்டு. கடவுளுக்குப் பிடித்த பிள்ளை, அதனால் அழைத்துக்கொண்டார், நமக்குக் கொடுத்து வைத்தது அவ்வளவுதான், நிம்மதியாகத் தூங்குகிறான். நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால் அங்கே நிற்கும் தங்கைக்கு ஐந்து வயது. அந்த வயதுக் குழந்தைகளில் பலர், செத்தவர் திரும்பி வருவார் என்றே நினைக்கிறார்கள். அண்ணன் தூங்குகிறான் என்று கேட்டவள் எப்போது எழுவான் என்று காத்திருப்பாள், அல்லது இரவில் தான் தூங்கவே பயப்படுவாள். நல்ல பிள்ளையைத்தான் கடவுள் எடுத்துக்கொள்வார் என்றால், நல்ல பிள்ளையாக இருக்கவும் பயம் வரும்.

நம் ஊர் ஒப்பாரியை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும். பாட்டியோ அத்தையோ பிள்ளைக்காக அழும்போது பொதுவாக எதுவும் பேசுவதில்லை. இறந்த பிள்ளையையே கூப்பிட்டு, அது போட்ட சட்டை, தின்ற பண்டம், விளையாடிய திண்ணை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அழுகிறார்கள். தாலாட்டின் மெட்டும் அதில் கலந்து வரும். வீட்டுக்குள் இருந்த பிள்ளையை அந்தப் பெண்கள் அப்படிக் காட்டுகிறார்கள். வகுப்பில் இருந்த பிள்ளையைக் காட்ட ஆசிரியரால் மட்டும்தான் முடியும். பெற்றோர் அறியாத அந்தப் பாதி அவரிடம் இருக்கிறது.

குமரன் என்று நாலாம் வகுப்புப் பையன், காய்ச்சலில் இறந்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் முதலில் அப்பாவிடமோ தாய்மாமனிடமோ, என்ன காரணம் சொல்லலாம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் சொல்லக் கூடாது. பிறகு பெஞ்சுத் தோழர்களிடம் அவனைப் பற்றி விசாரித்து, பெரிய எழுத்தில் ஒரு பக்கம் எழுதிக்கொள்ளலாம். மூன்று நிமிடம் போதும். பேச்சு இப்படி இருக்கலாம்:

"குமரன் எங்க வகுப்பில் ஜன்னல் பக்கம் உட்காருவான். கணக்கு அவனுக்குப் பிடிக்காது. வாய்ப்பாடு கேட்டால் தலையைக் குனிஞ்சுக்குவான். சத்துணவில் முட்டை போட்டால் பாதியைத் தங்கச்சிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பான். அவளுக்கும் தனியா முட்டை உண்டு, இருந்தாலும் கொடுப்பான். போன வாரம் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் சேர்த்தாங்க. டாக்டர்கள் முயற்சி பண்ணியும் காப்பாத்த முடியலை, இறந்துட்டான். பிள்ளைகளா, காய்ச்சல் வந்த எல்லாரும் இறக்கிறதில்லை. நீங்க அவனோட சண்டை போட்டதாலேயோ பேசாமல் இருந்ததாலேயோ இது நடக்கலை."

வாய்ப்பாட்டை விட்டுவிடலாமே என்று தோன்றும். விடக் கூடாது என்பேன். குறையே இல்லாத பிள்ளையைப் பற்றிப் பேசினால் அது யாரோ ஒரு பிள்ளை. கணக்குக்குப் பயந்தவன்தான் அந்த அம்மாவின் மகன். ஆனால் சிரிப்புக்காகச் சொல்லக் கூடாது, அடி வாங்கிய கதையும் வேண்டாம். முட்டை விஷயம் வீட்டுக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம். அம்மா அதைத் திரும்பத் திரும்பக் கேட்பார். கடைசி இரண்டு வாக்கியமும் வகுப்புத் தோழர்களுக்காக. முந்தின நாள் அவனிடம் 'டூ' விட்டவன் ஒருவன் கூட்டத்தில் நிச்சயம் இருப்பான், தன்னால்தான் இப்படி ஆனது என்று யாரிடமும் சொல்லாமல் நினைத்துக்கொண்டிருப்பான்.

படிக்கும்போது தொண்டை அடைத்தால் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொள்ளலாம், அழுகை வந்தால் மறைக்க வேண்டியதில்லை. ஆசிரியர் உடைந்துபோய், பெற்றோர் எழுந்து அவரைத் தேற்றும்படி ஆகிவிடக் கூடாது, அவ்வளவுதான். அதற்காகவே இன்னொரு ஆசிரியர் பக்கத்தில் நின்று, முடியாதபோது தாளை வாங்கித் தொடரலாம்.

பிள்ளை தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டிருந்தால் எப்படி என்ற விவரம் மேடையில் வரவே கூடாது. மதிப்பெண், திட்டு என்று ஒரே காரணத்தில் முடிச்சுப் போடுவதும், இப்போது நிம்மதி அடைந்தான் என்பதும் ஆபத்து. கேட்டுக்கொண்டிருக்கும் இன்னொரு பிள்ளை அதை ஒரு வழியாக எடுத்துக்கொள்ளலாம். மனது சரியில்லை என்றால் யாரிடம் வந்து பேசலாம் என்று பெயரோடு சொல்ல வேண்டும்.

சாவு பள்ளியிலேயே நடந்திருந்தால், சுவர் இடிந்தோ சுற்றுலாவில் தண்ணீரில் மூழ்கியோ, பெற்றோர் கூப்பிடாமல் ஆசிரியர் பேசவே போகக் கூடாது. எங்கள் மேல் தப்பில்லை என்ற சாயல் ஒரு வார்த்தையில் வந்தாலும் போதும், அந்தக் குடும்பம் அதை மன்னிக்காது. அங்கே சித்தப்பாவோ மாமாவோ பேசட்டும். முட்டை போன்ற விஷயங்களை ஆசிரியர் எழுதி அவர் கையில் கொடுத்துவிடலாம்.