கழித்தலுக்குச் சிவப்பு, லட்சத்துக்குக் காற்புள்ளி

பன்னிரண்டு வீடுகள் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மாதக் கணக்கை எடுத்துக்கொள்வோம். வாட்ச்மேன் சம்பளத்துக்கு ஒதுக்கியது 14,000, செலவும் 14,000. தண்ணீர் லாரிக்கு 12,000 ஒதுக்கினார்கள், கோடை என்பதால் 17,600 ஆகிவிட்டது. பொது மின்கட்டணத்துக்கு 6,000 ஒதுக்கியதில் 5,245.50 தான் செலவு. லிஃப்ட் பராமரிப்புக்கு 3,500 என்று போட்டிருந்த இடத்தில் 4,130 கொடுத்தாயிற்று. எக்செல்லில் மூன்று பத்திகள்: ஒதுக்கீடு, செலவு, வித்தியாசம். கூட்டினால் ஒதுக்கீடு 35,500, செலவு 40,975.50, வித்தியாசம் -5475.5.

அந்தக் கடைசி எண்ணைத்தான் சங்கக் கூட்டத்தில் எல்லோரும் தேடுவார்கள். ஆனால் எண்ணுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு நிற்கும் சின்னக் கோட்டைப் பலர் கவனிப்பதே இல்லை, அச்செடுத்த தாளில் அது இன்னும் மங்கிவிடும். கணக்கர்கள் குறையை அடைப்புக்குறிக்குள் போடுவதற்கு இதுவே போதுமான காரணம். நிறம் மட்டும் போதாது: கறுப்பு வெள்ளை பிரிண்டரில் சிவப்பும் சாம்பலாகத்தான் வரும், சிவப்பைப் பிரித்தறிய முடியாத கண்களும் உண்டு. திரையில் சிவப்பு, தாளில் அடைப்புக்குறி, இரண்டும் சேர்ந்து இருக்கட்டும்.

எண் உள்ள கட்டங்களைத் தேர்ந்தெடுத்து `Ctrl+1` அழுத்தினால் `Format Cells` திறக்கும். அங்கே `Number` பிரிவில் அடைப்புக்குறி உள்ள மாதிரி சிலருடைய கணினியில் இருக்கும், சிலருடையதில் இருக்காது. அந்தப் பட்டியல் விண்டோஸில் எந்த நாட்டு அமைப்பு இருக்கிறதோ அதைப் பார்த்து மாறுவது. அதை நம்பாமல், கீழே உள்ள `Custom` பிரிவுக்குப் போய் `Type` பெட்டியில் நாமே எழுதிவிடலாம்:

```
"₹ "#,##0.00_);[Red]("₹ "#,##0.00);"-"??_);@
```

முதல் பார்வைக்கு மிரட்டுகிறது. அரைப்புள்ளிகளைப் பிடித்துக்கொண்டால் பிரிந்துவிடும். அரைப்புள்ளி இதை நான்கு பகுதிகளாக வெட்டுகிறது: முதல் பகுதி கூட்டல் எண்ணுக்கு, இரண்டாவது கழித்தல் எண்ணுக்கு, மூன்றாவது பூஜ்யத்துக்கு, நான்காவது எழுத்துக்கு. இரண்டாம் பகுதி என்று ஒன்றை நாம் எழுதியவுடனே எக்செல் கழித்தல் குறியைத் தானாகப் போடுவதை நிறுத்திவிடுகிறது. குறையை எப்படிக் காட்டுவது என்பது அதன்பின் நம் பொறுப்பு. அதனால்தான் அங்கே அடைப்புக்குறியை நாமே எழுதுகிறோம். `[Red]` அந்தப் பகுதியின் தொடக்கத்திலேயே வர வேண்டும். அந்தச் சிவப்பு கண்ணைக் குத்துவதாகத் தோன்றினால் `[Color9]` என்று மாற்றிப் பாருங்கள், அடர்ந்த அரக்குச் சிவப்பு வரும். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

முதல் பகுதியின் முடிவில் இருக்கும் `_)` பலர் விட்டுவிடும் துண்டு. அடிக்கோட்டுக்குப் பின்னால் எந்த எழுத்து வருகிறதோ அதன் அகலத்துக்கு வெற்றிடம் விடு என்று அதற்குப் பொருள். இங்கே அது மூடும் அடைப்புக்குறியின் அகலம். இதை விட்டுவிட்டால் 754.50 கட்டத்தின் வலது ஓரத்தைத் தொட்டு நிற்கும். அதற்கு மேல் வரிசையில் (5,600.00) என்ற எண், அடைப்புக்குறிக்கு இடம் கொடுத்துச் சற்று இடப்பக்கம் தள்ளி நிற்கும். புள்ளிக்கு நேர் கீழே புள்ளி வராது. கணக்குப் பத்தியை மேலிருந்து கீழாகப் படிப்பவருக்கு அந்தச் சிறு கோணல் போதும், கண் தடுக்கும். பூஜ்யத்துக்கு எழுதிய பகுதியில் உள்ள இரண்டு கேள்விக்குறிகளும் இதே வேலைக்குத்தான்: பைசா வர வேண்டிய இரண்டு இலக்க இடத்தைக் காலியாக விட்டு, சிறு கோட்டை ஓரத்துக்குப் போகவிடாமல் நிறுத்துகின்றன. வாட்ச்மேன் சம்பள வரிசையில் ₹ 0.00 என்பதைவிட ஒரு கோடு தெளிவாக இருக்கும்.

₹ குறியைத் தட்டச்சு செய்வது எப்படி என்று கேட்பவர்கள் உண்டு. விசைப்பலகை `English (India)` என்று அமைந்திருந்தால், வலப்பக்க `Alt` விசையுடன் 4 அழுத்தினால் வரும். இல்லையென்றால் ஒரு காலிக் கட்டத்தில் `=UNICHAR(8377)` என்று கொடுத்து, வந்த குறியை நகலெடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டைச் சேர்ந்த டி. உதயகுமார் வடிவமைத்த இந்தக் குறியை இந்திய அரசு ஏற்றது 2010 ஜூலை 15 அன்று. அதற்கு முன் உருவான பழைய எழுத்துருக்களில் இது இல்லாததால் வெறும் சதுரம் தெரியலாம். எழுத்துருவை மாற்றினால் சரியாகிவிடும். இன்னொன்று: மேலே உள்ள மேற்கோள் குறிகள் நேரானவை. வேர்டில் எழுதி ஒட்டினால் அவை வளைந்துபோகும், எக்செல் அவற்றை மேற்கோள் குறியாக எடுத்துக்கொள்ளாது.

இதுவரை சுலபம். சிக்கல் லட்சத்தில் தொடங்குகிறது. அந்தக் குடியிருப்பின் சேம நிதி 8,45,000 என்று வையுங்கள். மேலே எழுதிய வடிவத்தில் `#,##0` என்றுதான் இருக்கிறது, எத்தனை இலக்கத்துக்கு ஒரு காற்புள்ளி என்று எங்கும் சொல்லவில்லை. அதை எக்செல் விண்டோஸிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. கணினி இந்திய அமைப்பில் இருந்தால் 8,45,000. அமெரிக்க அமைப்பில் இருந்தால் 845,000. ஒரே கோப்புதான், செயலாளர் வீட்டில் ஒரு மாதிரியும் ஆடிட்டர் அலுவலகத்தில் வேறு மாதிரியும் தெரிகிறது. எண் மாறவில்லை. ஆனால் லட்சத்தில் படித்துப் பழகிய கண்ணுக்கு 1,234,567 என்பது பன்னிரண்டு லட்சம் என்று சட்டெனப் பிடிபடாது.

உங்கள் கணினியில் மட்டும் சரியாகத் தெரிந்தால் போதும் என்றால், கண்ட்ரோல் பேனலில் `Region` பகுதிக்குள் `Additional settings` சென்று, `Digit grouping` வரிசையில் 12,34,56,789 என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு எக்செல்லை மூடித் திறக்கலாம். கோப்பு நாலு பேரிடம் போகப்போகிறது என்றால் காற்புள்ளியைக் கோப்புக்குள்ளேயே எழுதிவைப்பதுதான் சரி.

அதற்குப் பரவலாகப் புழங்கும் ஒரு வழி, வடிவத்துக்குள் நிபந்தனை வைப்பது. ஒரு கோடிக்கு மேல் இப்படி, ஒரு லட்சத்துக்கு மேல் இப்படி, மற்றவை இப்படி என்று எழுதலாம். கூட்டல் எண்களுக்கு அழகாக வேலை செய்யும். ஆனால் ஒரு வடிவத்தில் இரண்டே நிபந்தனைகளுக்குத்தான் இடம். அந்த இரண்டையும் கோடிக்கும் லட்சத்துக்கும் கொடுத்துவிட்டால் கழித்தல் எண்ணுக்கு இடமில்லை. குறைகள் எல்லாம் மூன்றாவது பகுதியில் விழுந்து, சிவப்பும் அடைப்புக்குறியும் இல்லாமல் பழைய கோட்டோடு நிற்கும். இந்த இடத்தில்தான் பலரும் கைவிட்டுவிடுகிறார்கள்.

கைவிடத் தேவையில்லை. முதலில் எழுதிய நான்கு பகுதி வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு, லட்சத்தைத் தாண்டியவற்றை மட்டும் `Conditional Formatting` வசம் ஒப்படைக்கலாம். எண்கள் D5 முதல் இருப்பதாகக் கொண்டால், D5 முதல் கீழே வரை தேர்ந்தெடுத்து, `New Rule` சென்று, சூத்திரத்தால் தீர்மானிக்கும் வகையை எடுத்து இதைக் கொடுங்கள்:

```
=AND(ISNUMBER(D5),ABS(D5)>=100000)
```

பிறகு அதே பெட்டியில் `Format` அழுத்தி, `Number` தாவலில் `Custom` சென்று இதை எழுதுங்கள்:

```
"₹ "##\,##\,##0.00_);[Red]("₹ "##\,##\,##0.00)
```

சாய்கோட்டுக்கு அடுத்து வரும் காற்புள்ளியை எக்செல் விண்டோஸிடம் கேட்காமல், சொன்ன இடத்தில் அப்படியே போடும். `ABS` கூட்டல், கழித்தல் என்ற வேறுபாட்டை எடுத்துவிட்டு அளவை மட்டும் பார்ப்பதால், எட்டரை லட்சம் வரவும் எட்டரை லட்சம் குறையும் ஒரே விதியில் அடங்குகின்றன. எது சிவப்பு என்பதை அரைப்புள்ளி பார்த்துக்கொள்கிறது. கோடியைத் தொடும் கணக்கு என்றால், 100000 இருக்கும் இடத்தில் 10000000 வைத்து, காற்புள்ளி ஒன்றைக் கூட்டி, இன்னொரு விதி எழுதி அதை மேலே வைக்க வேண்டும். லட்சத்துக்குக் கீழே உள்ள எண்களுக்கு இந்திய முறையும் அமெரிக்க முறையும் ஒரே இடத்தில்தான் காற்புள்ளி போடுகின்றன. ஆகவே இந்தக் கோப்பை இந்திய அமைப்பில் உள்ள கணினியில் திறந்தாலும் அமெரிக்க அமைப்பில் உள்ள கணினியில் திறந்தாலும் (₹ 8,45,000.00) என்றே தெரியும்.

வடிவம் சரியானபின் ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டும்: சிவப்பு எதைச் சொல்கிறது? செலவு வரிசைகளில் ஒதுக்கீட்டிலிருந்து செலவைக் கழித்தோம், அதனால் சிவப்பு என்றால் கூடுதல் செலவு. அதே சூத்திரத்தை வருமான வரிசைகளுக்கும் இழுத்துவிட்டால், எதிர்பார்த்ததைவிட அதிகமாகச் சந்தா வசூலான மாதம் சிவப்பில் வரும். வருமானத்துக்கு, வந்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழிக்க வேண்டும். எங்கே சிவப்பு இருந்தாலும் அது சங்கத்துக்குப் பாதகம் என்று ஒரே பொருள் தர வேண்டும்.

சில சமயம் கணக்கு முழுதும் நேராகிவிட்டபிறகும் வித்தியாசக் கட்டத்தில் சிவப்பில் (₹ 0.00) என்று நிற்கும். பூஜ்யத்துக்குக் கோடு கேட்டிருந்தோமே என்று திகைப்பு வரும். ஒரு காலிக் கட்டத்தில் `=1*(0.5-0.4-0.1)` என்று கொடுத்துப் பாருங்கள். பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் `-2.78E-17` வரும். 0.4, 0.1 போன்ற பின்னங்களைக் கணினியின் இரும எண் முறையில் முழுத் துல்லியமாக எழுத முடியாது. கடைசியில் ஒரு துளி குறைவாக மிஞ்சுகிறது. துளியானாலும் அது பூஜ்யத்துக்குக் கீழே, எனவே எக்செல் அதைக் கழித்தல் பகுதிக்கு அனுப்பிவிடுகிறது. இரண்டு பைசா இடத்துக்கு முழுமையாக்கிவிட்டால் உண்மையான பூஜ்யம் வரும், கோடும் வரும்:

```
=ROUND(SUM(B5:B8)-SUM(C5:C8),2)
```

இதற்கு நேர்மாறான கோளாறு அமைதியாக நடப்பது. யாரோ கட்டத்துக்குள்ளேயே ₹ குறியையும் எண்ணையும் சேர்த்துத் தட்டச்சு செய்திருப்பார்கள். கணினி இந்திய அமைப்பில் இல்லாவிட்டால் எக்செல் அதை எண்ணாகவே ஏற்பதில்லை, எழுத்தாக வைத்துக்கொள்ளும். `SUM` அதைத் தாண்டிப் போய்விடும், எச்சரிக்கையும் வராது. தெரிந்துகொள்ளும் வழி எளிது: அது கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டி நிற்கும். சந்தேகமான கட்டங்களைத் தேர்ந்தெடுத்துத் திரையின் அடிப்பட்டையைப் பாருங்கள். அங்கே `Sum` வராமல் `Count` மட்டும் வந்தால் அவை எல்லாமே எழுத்துகள். குறியை அழித்துவிட்டு எண்ணை மட்டும் உள்ளிட்டால், வடிவம் ₹ குறியைத் தானே போட்டுக்கொள்ளும்.