ஐந்நூறு மெகாபிட் எங்கே போனது?

ஒரு வெள்ளிக்கிழமை மாலை. கிள்ளானில் உள்ள என் வீட்டிலிருந்தே வானொலி நேரலை செய்துகொண்டிருந்தேன். நேயர் ஒருவருக்குப் பதில் சொல்லும்போது என் குரல் விட்டுவிட்டுப் போவதாக நிலையத்திலிருந்து தகவல் வந்தது. அதே நேரம் வரவேற்பறையில் மகள் பார்த்துக்கொண்டிருந்த படமும் நின்று நின்று ஓடியது. நாங்கள் மாதாமாதம் பணம் கட்டுவது 500 மெகாபிட் இணைப்புக்கு!

மறுநாள் வந்த தொழில்நுட்பர் தன் மடிக்கணினியை நேரடியாக ஃபைபர் பெட்டியில் செருகிச் சோதித்தார். 490 காட்டியது. "லைன் நல்லாத்தான் இருக்கு அண்ணே. உங்க ரூட்டர்தான் மூச்சு வாங்குது" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ரூட்டர் பெட்டியின் மேல் 'கிகாபிட்' என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறதே!

அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. இரண்டு வாரங்களுக்கு முன் மச்சான் வந்து, "தனித்தனியா எதுக்கு, வீட்டுக்கே ஒரே பூட்டா போட்டுடலாம்" என்று ரூட்டரிலேயே விபிஎன் போட்டுக் கொடுத்திருந்தார். விபிஎன் என்றால், வீட்டை விட்டுப் போகும் தரவு முழுவதையும் குறியாக்கம் செய்து, அதாவது பிறர் படிக்க முடியாதபடி மாற்றி அனுப்பும் ஏற்பாடு. அந்த மாற்றும் வேலையைச் செய்வது ரூட்டருக்குள் இருக்கும் சின்னப் புரோசசர்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இணையத் தரவு சிறுசிறு பொட்டலங்களாகத்தான் போகிறது. ஒரு பொட்டலம் ஏறக்குறைய 1,500 பைட். 500 மெகாபிட் வேகம் வேண்டுமென்றால், நொடிக்குச் சுமார் 42,000 பொட்டலங்கள் ரூட்டரைத் தாண்டிப் போக வேண்டும். சாதாரண நேரத்தில் பல ரூட்டர்கள் இதற்கென்றே உள்ள தனி வன்பொருள் வழியாக அவற்றை அனுப்பிவிடுகின்றன. புரோசசருக்கு அதிக வேலை இல்லை. பெட்டியில் அச்சிட்ட வேகம் அந்தக் குறுக்குவழியை நம்பித்தான். விபிஎன் போட்டதும் அந்த வழி பயன்படாது. ஒவ்வொரு பொட்டலத்தையும் புரோசசரே எடுத்து, பூட்டி, வெளியே அனுப்ப வேண்டும். அதனால் முடிந்த அளவுதான் போகும். மிச்சம் வரிசையில் காத்திருக்கும், வரிசை நிரம்பினால் கைவிடப்படும். நேரலைக் குரலுக்கு வேண்டிய வேகம் மிகக் கொஞ்சம்தான். ஆனாலும் மகளின் படத்துக்குப் பின்னால் அதுவும் அந்த வரிசையில் மாட்டிக்கொண்டது.

சந்தேகம் தீர, கேபிளைச் செருகி நானே மூன்று சோதனைகள் செய்தேன். ரூட்டரில் விபிஎன் இல்லாமல் 480. ரூட்டரில் விபிஎன்னோடு 23. ரூட்டரில் அதை அணைத்துவிட்டு, அதே விபிஎன் சேவையை அதே சர்வரோடு மடிக்கணினியில் ஓட்டினால் 310. இந்த மூன்றாவது சோதனை முக்கியம். சர்வர் மெதுவானது என்றால் மடிக்கணினியிலும் வேகம் அதே அளவுக்குக் குறைந்திருக்கும். அந்த அளவுக்குக் குறையவில்லை, ஆகவே பெரிய தடை ரூட்டரில்தான்.

இன்னொரு இடத்தில் ஏமாறாதீர்கள். இரண்டாம் சோதனையின்போது ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். புரோசசர் பயன்பாடு 53 விழுக்காடு என்றிருந்தது. 'பாதிதானே?' என்று தோன்றும். ஆனால் உள்ளே இரண்டு கோர்கள். ஒன்று 100, மற்றது 6. என் ரூட்டரில் ஓடிய ஓபன்விபிஎன் பொதுவாக ஒரு கோரில் மட்டுமே வேலை செய்யும். ஒருவர் வியர்த்துக் கொட்ட, மற்றவர் சும்மா நிற்பது போல.

விபிஎன் இல்லாத வீட்டிலும் இதே சிக்கல் வரலாம். டோரண்ட் போன்றவை ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான இணைப்புகளைத் திறக்கும். ஒவ்வொரு புது இணைப்பையும் முதலில் புரோசசர்தான் பதிவு செய்ய வேண்டும். பதிவேடு நிரம்பிவிட்டால் புதிதாக எந்தப் பக்கமும் திறக்காது. ஏற்கெனவே ஓடும் வீடியோ மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அதுதான் அடையாளம்.

நான் செய்தது இதுதான். ரூட்டரில் விபிஎன்னை எடுத்துவிட்டு, தேவைப்படும் மடிக்கணினியில் மட்டும் போட்டேன். மச்சானுக்கு வீட்டுக்கே ஒரே பூட்டு வேண்டுமாம். அவர் ஓபன்விபிஎன்னை விட்டு வயர்கார்டுக்கு மாறினார். அது சின்னப் புரோசசர்களுக்கும் பாரம் குறைவு, வேலையைக் கோர்களுக்குப் பகிர்ந்தும் கொடுக்கும். வேகம் பல மடங்கு ஏறியது, ஆனால் முழு 500 கிடைக்கவில்லை. அது வேண்டுமென்றால் இன்னும் வலுவான புரோசசர் கொண்ட ரூட்டர் வேண்டும். வாங்கும்போது பெட்டியில் அச்சிட்ட வைஃபை வேகத்தைப் பார்க்காமல், "விபிஎன் வேகம் எவ்வளவு?" என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மகள் படம் பார்த்தாள், நான் பேசினேன். குரல் ஒரு முறைகூட விட்டுப்போகவில்லை.