வியூஸ் அஞ்சு மடங்கு, ஆனா கேட்ட நேரம்?

போன வாரம் பாட்காஸ்ட் பண்ற ஒரு நண்பர் கேட்டார்: "கையில 40,000 ரூபா இருக்கு. யூடியூப்ல வியூஸ் நல்லா வருது, கேமரா வாங்கிடவா?" இன்னைக்கு அதைத்தான் பேசப்போறோம்.

முதல்ல ஒரு விஷயம். ஆடியோ டவுன்லோடையும் யூடியூப் வியூவையும் பக்கத்துல வெச்சு ஒப்பிடக் கூடாது. ஆடியோ பக்கம், ஒரு நிமிஷ அளவுக்கு ஃபைல் இறங்கினாலே அது ஒரு டவுன்லோட். ஆப் தானா இறக்கி வெச்சு, யாருமே கேட்காம கிடக்கறதும் அதுல சேரும். வியூங்கறது வேற கணக்கு. ரெண்டுக்கும் பொதுவான அளவு ஒண்ணுதான்: மொத்தமா எத்தனை மணி நேரம் நம்மகூட இருந்தாங்க.

ஒரு உதாரணத்துக்கு 40 நிமிஷ எபிசோட் ஒண்ணு எடுத்துக்குவோம். யூடியூப் ஸ்டுடியோல 2,000 வியூஸ், Average view duration 4 நிமிஷம். பெருக்கினா 8,000 நிமிஷம், அதாவது சுமார் 133 மணி நேரம். ஆடியோ ஆப்ல கேட்டவங்க 400 பேர், Average Consumption 70 சதவீதம். ஆளுக்கு 28 நிமிஷம், மொத்தம் 11,200 நிமிஷம், சுமார் 187 மணி நேரம். வியூஸ் அஞ்சு மடங்கு இருந்தும், நேரத்துல ஆடியோதான் முன்னாடி நிக்குது.

இப்போ நம்ம உழைப்பையும் சேருங்க. ஆடியோ எடிட்டுக்கு 4 மணி நேரம், வீடியோவுக்கு மேற்கொண்டு 10 மணி நேரம்னு வைங்க. நாம போடற ஒரு மணி நேரத்துக்கு ஆடியோ 47 மணி நேரம் திருப்பித் தருது, வீடியோ 13தான்.

அதுக்காக வீடியோ வேஸ்ட்டுன்னு சொல்லல. நம்ம பேரே தெரியாத ஆள் நம்மளைக் கண்டுபிடிக்கற இடம் பெரும்பாலும் யூடியூப்தான். அந்தப் புது ஆளுங்க ஏன் 4 நிமிஷத்துல போறாங்கன்னு ரிடென்ஷன் கிராஃப்ல பாருங்க. முதல் 30 நொடியிலேயே கோடு செங்குத்தா விழுந்தா, பிரச்சினை கேமரா இல்ல, நீளமான முன்னுரை. அதை வெட்ட காசே வேணாம்.

அதனால நண்பர்கிட்ட சொன்னது இதுதான். அடுத்த ஆறு எபிசோட்ல மூணை வெறும் போஸ்டர் படத்தோட போடுங்க, மூணை ஃபோன்லயே ஷூட் பண்ணிப் போடுங்க, மாத்தி மாத்தி. ஒவ்வொண்ணையும் 14 நாள் கழிச்சுப் பாருங்க. முகம் தெரியற எபிசோட்ல மட்டும் பார்க்கற நேரம் தெளிவா கூடினா கேமரா வாங்கலாம். ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணா இருந்தா, யூடியூப்லயும் பல பேர் திரையைப் பார்க்காம கேட்டுட்டுதான் இருக்காங்கன்னு சந்தேகப்படலாம். ஆறு எபிசோட் சின்ன சாம்பிள்தான். ஒரு பிரபல விருந்தினர் வந்தாலே கணக்கு மாறிடும். அந்த எபிசோடை ஒதுக்கிடுங்க.

அதுவரைக்கும் பணம் மைக்குக்கும், அறையோட எதிரொலியைக் குறைக்கவும் போகட்டும். அது ரெண்டு பக்கமும் கேட்கும்.