முதலில் மடிப்போம், கடைசியில் எழுதுவோம்

"1/4 பெரிதா, 1/2 பெரிதா?" என்று நான்காம் வகுப்பில் கேட்டால், 1/4 என்று பல கைகள் உயரும். நாலு, இரண்டைவிடப் பெரியது என்பது அந்தக் குழந்தைகளின் நியாயம். அதே குழந்தைகளிடம் "அரை தோசை வேணுமா, கால் தோசை வேணுமா?" என்று கேட்டால், பசியோடு இருப்பவர்கள் அரையைத்தான் கேட்பார்கள். பங்கு அவர்களுக்குத் தெரியும். மேலும் கீழுமாக எழுதிய எண்கள்தான் பிடிபடவில்லை. ஆகவே, எண்களைக் கடைசிக்குத் தள்ளி வைத்த 40 நிமிடப் பாடம் இது.

ஒவ்வொரு குழந்தைக்கும் 24 செ.மீ. நீளமும் 3 செ.மீ. அகலமும் உள்ள நான்கு காகித நாடாக்கள், 12 புளியங்கொட்டைகள் வேண்டும். ஓர் ஏ4 தாளில் இப்படி ஏழு நாடாக்கள் வெட்டலாம். ஆசிரியர் கையில் இரண்டு வட்டக் காகிதங்கள் இருக்கட்டும்.

முதல் 5 நிமிடம்: சம பங்கு

ஒரு வட்டத்தைத் தோசை என்று சொல்லி, சம இடைவெளியில் மூன்று நேர்கோடுகளாக வெட்டி, நான்கு பேருக்குக் கொடுங்கள். "டீச்சர், எனக்கு ஓரம்தான் வந்துச்சு, சின்னதா இருக்கு" என்ற புகார் உடனே வரும். அந்தப் புகார்தான் பாடத்தின் தொடக்கம். இரண்டாவது வட்டத்தை இரண்டு முறை மடித்து வெட்டுங்கள். நான்கு துண்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் பொருந்தும். பொருந்தினால்தான் அது கால்.

அடுத்த 15 நிமிடம்: மடித்தல்

முதல் நாடா முழுதாக இருக்கட்டும். இரண்டாவதை ஒரு முறையும், மூன்றாவதை இரண்டு முறையும், நான்காவதை மூன்று முறையும் பாதியாக மடிக்க வேண்டும். நான்காவதைப் பிரிப்பதற்கு முன் கேளுங்கள்: "எத்தனை கட்டம் இருக்கும்?" இரண்டு, நாலு என்று பார்த்துவிட்டதால் பலர் ஆறு என்பார்கள். பிரித்தால் எட்டு இருக்கும். நாலு கட்டமும் ஒவ்வொன்றும் இரண்டானதை விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். காலில் பாதி என்பதால்தான் அதற்குத் தமிழில் அரைக்கால் என்று பெயர். நாடாக்களைக் கீழ்க்கீழாக அடுக்கினால், கட்டங்கள் கூடக்கூட ஒவ்வொரு கட்டமும் சிறுத்துப்போவது கண்ணுக்குத் தெரியும்.

அடுத்த 10 நிமிடம்: எழுதுதல்

கால் நாடாவில் மூன்று கட்டங்களுக்கு வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். இது 'நான்கில் மூன்று'. மூன்று கால் சேர்ந்ததால் முக்கால். தமிழில் நாம் நான்கைத்தான் முதலில் சொல்கிறோம். கையும் அப்படித்தான் செய்தது: முதலில் நான்காக மடித்தது, பிறகு மூன்றை எடுத்தது. எழுதும்போதும் அந்த வரிசையே இருக்கட்டும். கோடு போட்டு, கீழே 4 எழுதி, பிறகு மேலே 3 எழுதட்டும். கீழே இருப்பது பகுதி, மேலே இருப்பது தொகுதி என்று இப்போது சொன்னால் போதும்.

இங்கே ஒரு பிழையைக் கவனிக்க வேண்டும். நான்கு கட்டங்களில் ஒன்றுக்கு மட்டும் வண்ணம் இருந்தால் சிலர் 1/3 என்று எழுதுவார்கள். வண்ணம் இல்லாத மூன்றைக் கீழே எழுதிவிட்டார்கள். "மொத்தம் எத்தனையாக மடித்தாய்?" என்ற ஒரு கேள்வி அதைத் திருத்தும்.

கடைசி 10 நிமிடம்: மூன்று கேள்விகள்

ஒன்று: சமமில்லாத நான்கு பாகங்களாகப் பிரித்த செவ்வகத்தில் ஒரு பாகத்துக்கு வண்ணம், இது 1/4 ஆகுமா? ஆகும் என்பவர் எண்ணிக்கையைப் பார்த்தார், அளவைப் பார்க்கவில்லை.

இரண்டு: 1/3, 1/6 இரண்டில் எது பெரிது? வகுப்பில் மடிக்காத பின்னங்கள் என்பதால், மனப்பாடம் இங்கே உதவாது.

மூன்று: 12 புளியங்கொட்டைகளில் முக்கால் பங்கை எடு. நான்கு குவியலாக்கி மூன்று குவியலை எடுத்தால் 9 வரும். 4 எடுத்தவர் மூன்றால் பங்கிட்டிருக்கலாம். 3 எடுத்தவர் காலோடு நின்றிருக்கலாம், மேலே உள்ள எண்ணை மட்டும் பார்த்து எடுத்திருக்கவும் கூடும். விடை ஒன்றே என்றாலும் காரணம் வேறு. எப்படி எடுத்தார் என்று கேட்டால்தான் தெரியும்.

1/6 பெரிது என்று எழுதிய குழந்தைக்கு, "கீழே எண் கூடினால் பின்னம் சிறிது" என்று விதி சொல்லாதீர்கள். அந்த விதியைப் பிடித்துக்கொண்டு 5/6ஐயும் 1/3ஐவிடச் சிறிது என்று எழுதிவிடும். புதிதாக இரண்டு நாடாக்களைக் கொடுங்கள். ஒன்றில் 8 செ.மீ.க்கு ஒரு கோடு, இன்னொன்றில் 4 செ.மீ.க்கு ஒரு கோடு போடட்டும். இரண்டையும் அருகருகே வைத்துவிட்டு, அது பார்த்து முடிக்கும்வரை காத்திருங்கள்.