60 நாள் என்றால் எந்த 60?

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி செய்து தரும் ஒரு சிறிய ஆலையை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக நாமே உருவாக்கிய ஆலைதான். சரக்கு இன்று போகும், பில்லும் கூடவே போகும். பணம் மட்டும் பின்னால் வரும். அது சராசரியாக எத்தனை நாள் பின்னால் வருகிறது என்பதைச் சொல்லும் எண்தான் ‘டேஸ் சேல்ஸ் அவுட்ஸ்டாண்டிங்’, சுருக்கமாக டி.எஸ்.ஓ.

கணக்கு எளிது. வரவேண்டிய பாக்கியை அந்தக் காலத்தின் கடன் விற்பனையால் வகுத்து, அந்தக் காலத்தின் நாட்களால் பெருக்க வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை 90 நாள். மாதம் 30 லட்சம் வீதம் 90 லட்சம் ரூபாய்க்குக் கடன் விற்பனை. மார்ச் 31 அன்று பாக்கி 45 லட்சம். 45-ஐ 90-ஆல் வகுத்து 90-ஆல் பெருக்கினால் 45 நாள். கையில் ரொக்கம் வாங்கி விற்றதை இதில் சேர்க்கக்கூடாது. சேர்த்தால் எண் பொய்யாக இறங்கிவிடும்.

இன்னொரு இடத்திலும் பலர் வழுக்குகிறார்கள். பார்ட்டி கணக்கில் நிற்கும் பாக்கி ஜி.எஸ்.டி.யோடு சேர்ந்தது, லாப நட்டக் கணக்கில் காட்டும் விற்பனையோ ஜி.எஸ்.டி. இல்லாதது. 18 சதவீத வரி உள்ள பொருளாக இருந்து, ஒன்றை வரியோடும் மற்றதை வரியில்லாமலும் போட்டால், உண்மையில் 45 ஆக இருப்பது 53 என்று காட்டும். இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

சரி, அடுத்த ஆண்டு அதே காலாண்டில் அதே 90 லட்சம் விற்பனை. ஆனால் பாக்கி 60 லட்சம். டி.எஸ்.ஓ. 60 நாள். ‘வசூல் கெட்டுப்போச்சு’ என்று மேலாளர் வசூல் பார்ப்பவரைக் கூப்பிட்டுத் திட்டலாமா? மாதவாரி விற்பனையைப் பார்க்காமல் திட்டக்கூடாது.

ஜனவரியில் 20, பிப்ரவரியில் 20, மார்ச்சில் 50 லட்சம் என்று விற்றிருந்தால் கதை வேறு. பாக்கியைக் கடைசி மாதத்திலிருந்து பின்னோக்கிக் கழித்துப் பாருங்கள். 60-இல் 50 லட்சம் மார்ச் விற்பனை: அதற்கு 31 நாள். மீதி 10 லட்சம் பிப்ரவரி விற்பனையில் பாதி: 14 நாள். ஆக 45 நாள். யாரும் தாமதிக்கவில்லை, மார்ச்சில் சரக்கு அதிகம் போனது, அவ்வளவுதான்.

இதையே திருப்பிப் போடுவோம். ஜனவரியில் 40, பிப்ரவரியில் 30, மார்ச்சில் 20 லட்சம். பாக்கி அதே 60. மார்ச் 20 லட்சத்துக்கு 31 நாள், பிப்ரவரி 30 லட்சத்துக்கு 28 நாள், மீதி 10 லட்சம் ஜனவரி விற்பனையில் கால் பங்கு, ஏறக்குறைய 8 நாள். மொத்தம் 67. விற்பனை குறைந்துகொண்டே வருகிறது, பழைய பாக்கியும் நகரவில்லை. சாதாரணக் கணக்கு இரண்டுக்கும் 60 என்றே சொல்லும். என்னைக் கேட்டால், விற்பனை ஏறி இறங்கும் தொழிலில் இந்தப் பின்னோக்கிய கணக்கு இல்லாமல் டி.எஸ்.ஓ.வைப் பேசவே கூடாது.

உண்மையாகவே ஏறியிருந்தால் அதன் விலை என்ன? கூடுதலாக நிற்கும் 15 லட்சத்தை வங்கியின் ஓ.டி.யிலிருந்து 12 சதவீத வட்டிக்கு எடுத்துச் சமாளித்தால் ஆண்டுக்கு 1,80,000 ரூபாய். மாதாமாதம் ஜி.எஸ்.டி. கட்டுபவர், பார்ட்டி பணம் தந்தாலும் தராவிட்டாலும் அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் வரியைக் கட்டியாக வேண்டும். வங்கியும் சும்மா இருக்காது: பொதுவாக 90 நாளைத் தாண்டிய பாக்கியைக் கடன் வரம்புக் கணக்கிலிருந்து கழித்துவிடுவார்கள். பணம் அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் வரம்பு சுருங்கும்.

ஆகவே எண் ஏறியதும் அடுத்துத் திறக்க வேண்டியது பாக்கியின் வயதுப் பட்டியல்: 30 நாளுக்குள் எவ்வளவு, 60, 90, அதற்கும் மேலே எவ்வளவு என்று பார்ட்டிவாரியாக. பெரும்பாலும் ஏற்றம் எல்லோரிடமும் பரவியிருக்காது. இரண்டு மூன்று பெயர்களில் குவிந்திருக்கும். அந்தப் பில்களை ஒவ்வொன்றாக எடுத்தால் காரணம் தெரியும். ‘பெட்டி ஓரம் பிரிகிறது’ என்று பார்ட்டி டெபிட் நோட் அனுப்பி, அதற்கு யாரும் பதில் சொல்லாமல் கிடக்கலாம். அப்படியானால் கோளாறு தரத்தில். வசூல்காரர் எத்தனை போன் போட்டாலும் பயனில்லை. மாத இலக்கை எட்டுவதற்காக விற்பனையாளர் 45 நாள் பார்ட்டிக்கு வாய்மொழியாக 75 நாள் கொடுத்திருக்கலாம். அதை அவரிடம்தான் கேட்க வேண்டும். இரண்டும் இல்லை, தகராறும் இல்லை, போனும் எடுப்பதில்லை என்றால், அடுத்த லோடை ஏற்றும் முன் பழைய பில்லுக்குப் பணம் கேட்க வேண்டிய பார்ட்டி அதுதான்.